மண்சரிவு அறிவித்தலைத் தமிழாக்கும்போது: மீள்மொழிபெயர்ப்பு எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்

மழை விடாமல் பெய்யும் நாளில் மண்சரிவு அறிவித்தல் பல நேரம் சிங்களத்தில்தான் கைக்குக் கிடைக்கிறது. பிரதேச செயலகத்திலிருந்து கிராம உத்தியோகத்தருக்கு வந்து, அவரிடமிருந்து தோட்ட ஒஃபிசுக்கு வந்து, கிளாக்கரோ ஆசிரியரோ தோட்டத் தலைவரோ அவசரமாகத் தமிழாக்கி, கோயில் ஸ்பீக்கரிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட்ட பிறகே லயத்துக்குப் போய்ச் சேரும். தமிழாக்கியவர் நல்ல மனிதர், இரண்டு மொழியும் தெரிந்தவர். ஆனால் அனுப்பிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. கேட்கும் சனங்களுக்கு மூலத்தைப் பார்க்க வழியில்லை. நடுவில் என்ன மாறியது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியாது.

இந்த இடத்தில்தான் மீள்மொழிபெயர்ப்பு உதவுகிறது. தமிழாக்கத்தை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி சிங்களமாக்கச் சொல்கிறோம். வந்ததை மூலத்தோடு ஒப்பிடுகிறோம். தமிழ் தெரியாத அதிகாரியும் அப்போது தான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கலாம். 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் என்ற ஆய்வாளர் இதை ஒரு முறையாக எழுதிவைத்த பிறகு, ஆய்வு வினாக்கொத்துகள், மருத்துவப் படிவங்கள் போன்றவற்றில் இது வழக்கமாகிவிட்டது. மலையகத்தில் ஒரு மண்சரிவு அறிவித்தலுக்கு இதை எப்படிச் செய்வது என்பதையும், இது பாஸ் போட்ட பின்னும் எப்படித் தவறு தங்கிவிடும் என்பதையும் ஒரே உதாரணத்தில் பார்ப்போம்.

முதலில் மூலத்தை உடைத்து வையுங்கள்

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று நிலைகள் உண்டு. மஞ்சள் என்றால் விழிப்பாக இருப்பது, செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாவது, சிவப்பு என்றால் வெளியேறுவது. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ., 100 மி.மீ., 150 மி.மீ. என்று மழை கூடக்கூட நிலையும் ஏறும். ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான்.

நம் உதாரணம் இரண்டாம் நிலை அறிவித்தல். இந்தக் கட்டுரைக்காக நானே அமைத்தது. சிங்கள மூலம் எட்டு விஷயங்களைச் சொல்கிறது என்று வையுங்கள்.

1. இது இரண்டாம் நிலை.
2. இன்று மாலை 4 மணி முதல் நாளை மாலை 4 மணி வரை செல்லும்.
3. கடந்த 24 மணித்தியாலத்தில் மழை 100 மி.மீ.ஐத் தாண்டிவிட்டது.
4. ஆபத்துக் கூடிய இடங்களில் இருப்பவர்கள் வெளியேற ஆயத்தமாக இருக்க வேண்டும்.
5. மழை 24 மணித்தியாலத்தில் 150 மி.மீ.ஐ, அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மி.மீ.ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும்.
6. நிலம் வெடித்தாலோ, மரம் சாய்ந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் கலங்கினாலோ அறிவித்தலுக்குக் காத்திராமல் வெளியேற வேண்டும்.
7. போக வேண்டியது பாதுகாப்பான இடத்துக்கு.
8. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்கலாம்.

இப்படி எண் போட்டுப் பிரிப்பதை மொழிபெயர்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பின்னால் செய்தால், கையில் இருக்கும் தமிழுக்கு ஏற்றபடி மூலத்தை வாசிக்கத் தொடங்கிவிடுவோம். விடுபட்டது விடுபட்டதாகவே தெரியாது.

யாரிடம் திருப்பிக் கொடுப்பது

முறை முழுவதும் நிற்பது இந்த ஆளில்தான். அவர் மூலத்தைப் பார்த்திருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், மூலத்தில் என்ன இருக்கும் என்று ஊகிக்கக்கூடியவராகவும் இருக்கக் கூடாது. அனர்த்த வேலையில் ஊறிய ஒரு அலுவலரிடம் கொடுத்தால், அவருக்கு மூன்று நிலைகளும் மனப்பாடம். தமிழில் என்ன கோளாறு இருந்தாலும் அவர் கை தானாகச் சரியான சிங்களத்தை எழுதிவிடும். அவர் மொழிபெயர்ப்பதில்லை, நினைவிலிருந்து எழுதுகிறார்.

சிங்களம் வீட்டு மொழியாக இருந்து தமிழை நன்றாக வாசிக்கும் ஒருவர் பொருத்தம். மலையக நகரங்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்: தமிழ் வாடிக்கையாளர்களோடு பல வருடம் கடை நடத்தியவர், இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர். அவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: "எழுதியிருப்பதை எழுதுங்கள், எழுத நினைத்திருப்பார்கள் என்று தோன்றுவதை எழுத வேண்டாம். விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று குறியுங்கள்." இதைச் சொல்லாவிட்டால் கெட்டிக்காரர்கள் எல்லாரும் திருத்திவிடுவார்கள். மரியாதைக்காகவும் திருத்துவார்கள்.

முதல் தமிழாக்கம் செய்தவரும் திருப்பி எழுதுபவரும் ஒரே மேசையில் இருக்க வேண்டாம். "இந்த இடம் இப்படித்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே சோதனை முடிந்துபோகும்.

உதாரணத் தமிழாக்கம்

அவசரத்தில் எழுதப்பட்ட தமிழ் இப்படி இருக்கிறது:

"நாளை மாலை 4 மணி வரை இரண்டாம் நிலை மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது. கடந்த 24 மணித்தியாலத்தில் 100 மி.மீ. மழை பதிவாகியுள்ளது. அவதான வலயங்களில் உள்ளவர்கள் வெளியேறுவது தொடர்பில் சூதானமாக இருக்கவும். 24 மணித்தியாலத்தில் 150 மி.மீ., ஒரு மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழை பெய்தால் வெளியேறவும். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்தல், ஊற்று நீர் கலங்குதல் என்பன தென்பட்டால் அறிவித்தல் வரும்வரை வெளியேறாமல் காத்திருக்க வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்."

மேலோட்டமாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. அரச அறிவித்தல் வாசனையும் அடிக்கிறது. இது திரும்பச் சிங்களமாகி வந்ததும், மூன்றாவது ஒருவர் எட்டு விஷயங்களையும் வரிசையாக எடுத்துப் பார்க்க வேண்டும். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறதா என்று பார்க்கக் கூடாது. சொல் மாறுவது இயல்பு. ஒவ்வொன்றுக்கும் நேரே நான்கில் ஒன்றை எழுதினால் போதும்: அப்படியே இருக்கிறது, இல்லை, மாறியிருக்கிறது, புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

நான்கு இடங்கள் அகப்படும். இரண்டாவதில் தொடக்க நேரம் இல்லை. மூன்றாவதில் "தாண்டிவிட்டது" போய் 100 மி.மீ. என்று மொட்டையாக நிற்கிறது. எட்டாவது, 117, முழுவதுமே இல்லை. ஐந்தாவதுதான் மோசம்: "அல்லது" விழுந்துபோனதால், இரண்டு அளவும் சேர்ந்து வந்தால்தான் வெளியேற வேண்டும் என்று சிங்களத்தில் திரும்பியிருக்கிறது. மலையில் ஒரு மணித்தியாலத்துக்குள் 75 மி.மீ. அடித்து ஊற்றும்போது, 150 ஆகட்டும் என்று ஒருவர் காத்திருக்க இந்த ஒரு காற்புள்ளி போதும்.

எண், நேரம், இல்லை என்னும் மறுப்பு, அல்லது, தவிர, யார் யாருக்கு என்பன போன்ற விஷயங்களில் மீள்மொழிபெயர்ப்பு நம்பத்தகுந்தது. விடுபட்டதை இவ்வளவு விரைவாகக் காட்டும் வேறு வழி எனக்குத் தெரியாது.

வித்தியாசம் வந்தால் யார் பிழை

வித்தியாசத்தைக் கண்டதும் தமிழில் கை வைத்துவிட வேண்டாம். பிழை மூன்று இடத்தில் இருக்கலாம்: தமிழாக்கியவரிடம், திருப்பி எழுதியவரிடம், மூலத்திலேயே. திருப்பி எழுதியவரைக் கூப்பிட்டு, "இந்த வரியை எந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் விரல் வைக்கும் இடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். தமிழ் சரியாக இருந்து அவர் தவறாக வாசித்திருந்தால், தமிழை விட்டுவிடுங்கள். ஆனால் நன்றாகத் தமிழ் வாசிக்கும் ஒருவரே தடுமாறிய வாக்கியத்தை எளிமையாக்கினால் நட்டமில்லை.

இங்கே ஒரு கெட்ட பழக்கம் உள்ளே வரும். மீள்மொழிபெயர்ப்பு சுத்தமாக வர வேண்டும் என்பதற்காகத் தமிழாக்குபவர் மூலத்தின் வாக்கியக் கட்டையே அப்படியே தமிழில் வைக்கத் தொடங்குவார். கட்டு மாறாமல் போனது கட்டு மாறாமல் திரும்பும். கோப்பில் வைக்க அழகான தாள் கிடைக்கும். லயத்தில் அதைக் கேட்பவருக்கு ஒன்றும் ஓடாது. தமிழாகப் பேசும் தமிழுக்குத்தான் திரும்பி வரும்போது வித்தியாசம் கூடும். ஆகவே வித்தியாசங்களின் எண்ணிக்கையை வைத்துத் தமிழாக்கத்துக்குப் புள்ளி போடும் அலுவலகப் பழக்கம் தலைகீழான விளைவைத் தரும்.

சோதனை பிடிக்காமல் விட்டவை

நான்கையும் திருத்தியாகிவிட்டது. மறுபடி ஒருவரிடம் கொடுத்தால் எட்டும் சரியாகத் திரும்பி வரும். அறிவித்தலோ இன்னும் ஆபத்தானது.

"சூதானம்" என்பதைப் பாருங்கள். சிங்களத்தில் "சூதானம்" என்றால் ஆயத்தம். மூலத்தில் "இவத் வீமட சூதானம்" என்று இருந்ததைப் பார்த்த தமிழாக்குநருக்கு நம் சொல்லே அங்கு நிற்பதாகத் தோன்றியிருக்கிறது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேச்சு வழியாக வந்த நம் "சூதானம்" கவனத்தைக் குறிக்கும். திருப்பி எழுதியவர் தமிழ்ச் சொல்லைப் பார்த்தார், தன் மொழியின் "சூதானம்" கைக்கு வந்தது, எழுதினார். மூலமும் மீண்டு வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. நடுவில் இருக்கும் தமிழ் மட்டும் வேறு.

இப்படி ஒரு வரைவை லயத்தில் ஒரு அக்காவிடம் வாசித்துக் காட்டி, "இதைக் கேட்டா நீங்க என்ன செய்வீங்க அக்கா?" என்று கேட்டேன். "சூதானமா இருக்கச் சொல்றாங்க தம்பி. இந்த மழையில பிள்ளைங்கள வெளிய விடாம கதவச் சாத்திக்கிட்டு உள்ளுக்கே இருப்போம்" என்றார். புறப்படத் தயாராகு என்ற செய்தி, வீட்டைவிட்டு வெளியேறாதே என்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அவதான வலயம்" அதே குடும்பம். சிங்களத்தில் "அவதானம" ஆபத்துக்கான சொல். கவனத்துக்கு அங்கே "அவதானய". நமக்கு அவதானம் என்றால் கவனம் மட்டும்தான். அவதான வலயம் என்று கேட்பவர், யாரோ கவனித்துக்கொண்டிருக்கும் பாதுகாப்பான இடம் என்று எடுத்துக்கொண்டாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. சிங்களமும் தமிழும் சமஸ்கிருதத்திலிருந்தும் ஒன்றிடமிருந்து ஒன்றும் எவ்வளவோ சொற்களை எடுத்திருக்கின்றன. ஆகவே இந்த இரண்டு மொழிகளுக்கு இடையில் மீள்மொழிபெயர்ப்பின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். இதற்கு ஒரு தனி வேலை உண்டு: திருப்பிக் கொடுக்கும் முன் தமிழில் உள்ள ஒலி ஒத்த சொற்களையெல்லாம் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு சாதாரணத் தமிழ்ச் சொல்லைப் போடுங்கள். "ஆயத்தம்", "தயார்", "ஆபத்தான இடம்" என்று போட்டபின் திரும்பி வருவதுதான் உண்மையான சோதனை.

மூன்றாவது, "வெளியேறாமல் காத்திருக்க வேண்டாம்". தாளில் இரண்டு தரம் வாசித்துத் திருப்பி எழுதியவர் சரியாகவே அவிழ்த்துவிட்டார். மழைச் சத்தத்தில், கோயில் ஸ்பீக்கரில், மலைக்கு அந்தப் பக்கம் கேட்பவருக்கு "வெளியேறாமல் காத்திருக்க" வரைதான் விழும். மீள்மொழிபெயர்ப்பு கண்ணால் செய்வது. நம் செய்தி காதுக்குப் போவது. இதே காரணத்தால் நிறங்களையும் நான் நம்புவதில்லை. "செம்மஞ்சள்" என்பதில் "செம்" காற்றோடு போனால் மிஞ்சுவது மஞ்சள், அதாவது ஒரு நிலை கீழே.

கடைசியாக, மூலத்திலேயே இல்லாத தெளிவு. "நாளை" எந்த மொழியிலும் "நாளை"யாகத்தான் திரும்பி வரும். ஆனால் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி மறுநாளும் சுற்றும். "பாதுகாப்பான இடம்" பிசகில்லாமல் திரும்பும். எந்த இடம் என்று இரண்டு மொழியிலும் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த நிலம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் ஏற்கனவே சொல்லப்பட்டிருந்தது. சரியான சொற்கள் போய்ச் சேர்வதோடு ஒரு எச்சரிக்கையின் வேலை முடிவதில்லை. மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஒரு சோதனை, மூலத்தின் குறையை விசுவாசமாகக் காப்பாற்றும்.

அதனால் அடுத்த படி: கேட்பவரிடம் கேளுங்கள்

வியட்நாம் போர்க் காலத்து ஒரு ஆய்வு இங்கே பயன்படும். ஹெலிகொப்டர் பராமரிப்புக் குறிப்புகளை வியட்நாமிய மொழிக்கு மாற்றியபோது, வொலஸ் சினைக்கோவும் பிரிஸ்லினும் மொழிபெயர்ப்பை மூன்று விதமாகச் சோதித்தார்கள்: மீள்மொழிபெயர்ப்பு, வாசித்தவரிடம் கேள்வி, வாசித்த தொழில்நுட்பவியலாளர் அதன்படி வேலையைச் செய்வதைப் பார்ப்பது. 1973இல் அது வெளிவந்தது. மீள்மொழிபெயர்ப்பை முறையாக்கிய ஆளே அதை மட்டும் வைத்து நிற்கவில்லை.

நமக்கும் அதுவே வழி. வேலையில் சம்பந்தப்படாத நான்கைந்து பேர் போதும். ஆனால் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக் கூடாது. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் ஒருவர், வாசிக்கத் தெரியாத வயதானவர், பிள்ளை மடுவத்தில் வேலை செய்பவர், கொழும்பில் வேலை செய்துவிட்டு லீவில் வந்த பையன். தாளைக் கையில் கொடுக்காதீர்கள். ஒரு தரம், ஸ்பீக்கரில் சொல்லும் வேகத்தில் வாசியுங்கள்.

"விளங்குச்சா?" என்று கேட்கவே வேண்டாம். எல்லாரும் விளங்கியது என்றுதான் சொல்வார்கள், அதுவும் ஒஃபிசிலிருந்து வந்தவர் கேட்டால். கேட்க வேண்டியவை: இப்ப நீங்க என்ன செய்வீங்க? எப்ப வீட்டை விட்டுப் போவீங்க? எங்க போவீங்க? யாரும் வந்து சொல்லாம நீங்களே போக வேண்டிய நேரம் எது? பதில்களை அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். இருவர் ஒரே மாதிரித் தப்பாகச் செய்வோம் என்றால், பிழை அந்த வாக்கியத்தில். அவர்கள் தாமாகப் பயன்படுத்திய சொல் பல நேரம் நாம் தேடிய சொல்லாகவே இருக்கும்.

இந்த இரண்டு வடிகட்டலும் கழித்து, ஸ்பீக்கருக்கான வடிவம் இப்படி நிற்கலாம்:

"மண்சரிவு எச்சரிக்கை, இரண்டாம் கட்டம். நவம்பர் 12 பின்னேரம் 4 மணியிலிருந்து நவம்பர் 13 பின்னேரம் 4 மணி வரைக்கும். மழை 100 மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டது. மலைச்சரிவிலும் மண்மேட்டுக்குக் கீழேயும் உள்ள லயங்களில் இருப்பவர்கள் வெளியேற இப்போதே தயாராகுங்கள். அடையாள அட்டை, மருந்து, டோர்ச், பிள்ளைகளின் உடுப்பை ஒரு பையில் போட்டு வையுங்கள். வெளியேறச் சொன்னதும் பாடசாலைக்குப் போங்கள். நிலம் வெடித்தால், மரம் சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் கலங்கினால், யாரும் சொல்லத் தேவையில்லை. உடனே வெளியேறுங்கள். உதவிக்கு 117."

இதைத் திருப்பி எழுதினால் வித்தியாசங்கள் குவியும். பை, பாடசாலை, மண்மேடு ஆகியவை மூலத்தில் இல்லை. 150, 75 என்ற அளவுகள் காணாமல் போயிருக்கின்றன. சேர்த்ததும் விட்டதும் நாம் தெரிந்து செய்தவை. ஆனால் தெரிந்து செய்தோம் என்பதால் அனுமதி கிடைத்துவிடாது. மீள்மொழிபெயர்ப்பின் இரண்டாவது பயன் இதில்தான்: அந்தச் சிங்களத் தாளை அனுப்பிய அதிகாரியிடம் காட்டி, "இவற்றைச் சேர்த்திருக்கிறோம், அளவுகளை மழைமானி பார்ப்பவருக்கான தாளில் மட்டும் வைத்திருக்கிறோம், சம்மதமா?" என்று கேளுங்கள். பாடசாலை நிற்கும் நிலம் உண்மையிலேயே பாதுகாப்பானதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பவர் தன் பாட்டில் இடம் குறிக்கக் கூடாது.

மழை ஏற்கனவே பெய்துகொண்டிருந்தால்

இவ்வளவையும் ஒக்டோபர், நவம்பரில் இரவு பத்து மணிக்குச் செய்ய முடியாது. மூன்று நிலைகளுக்குமான வாக்கியங்களைப் பெப்ரவரி, மார்ச் வெயிலிலேயே சோதித்து, அதிகாரியின் சம்மதத்தோடு எழுதிவைத்துவிடுங்கள். மழை நாளில் நிரப்ப வேண்டியது திகதி, நேரம், இடம், மழை அளவு மட்டும். நிரப்பிய நான்கையும் இன்னொருவர் மூலத்தோடு வைத்து வாசித்தால் போதும்.

எழுதிவைத்ததில் இல்லாத புதுச் செய்தி வந்தால், தொலைபேசியில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மூலத்தைப் பார்க்காத இருமொழிக்காரர் ஒருவருக்குத் தமிழை ஒரு தரம் வாசியுங்கள். அவர் விளங்கியதைச் சிங்களத்தில் நேரே அனுப்பிய அதிகாரிக்குச் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே பேசாமல் இருங்கள். எண், நேரம், "அல்லது", "வேண்டாம்" ஆகிய நான்கும் சரியாகப் போனதா என்று மட்டும் அதிகாரி பார்த்தால் சில நிமிடத்தில் முடியும். அதற்கும் ஆள் கிடைக்காத இரவில், சிவப்பு நிலை அறிவித்தலை இதற்காக நிறுத்தி வைக்காதீர்கள். "வெளியேறுங்கள், இன்ன இடத்துக்கு" என்ற இரண்டு விஷயத்தை உடனே சொல்லிவிட்டு, மீதியைப் பிறகு சரிபார்த்து அனுப்புங்கள்.